பென் டிரைவ் தகராறு: போர்ட்டா, கேபிளா, டிரைவா? நீங்களே கண்டுபிடிக்கும் வழி

போன ஆவணியில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. வீடியோ எடுத்தவர் 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். என் போனில் இருந்த படங்களையும் அதிலேயே ஏற்றி மதுரைக்கு அனுப்பிவிடலாம் என்று கம்ப்யூட்டரில் செருகினேன். பாதி ஏறும்போது ‘டடங்’ என்று சத்தம். டிரைவ் காணோம். பிடுங்கிச் செருகினேன், வந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி போனது. நாலாவது முறை செருகியபோது ஃபார்மேட் செய்யச் சொல்லிக் கேட்டது.

கடைக்குக் கொண்டுபோனேன். டிரைவ் போய்விட்டது, உள்ளே இருப்பதை எடுத்துத் தர 3,500 ரூபாய் என்றார்கள். இன்னொரு கடையில், போர்ட்தான் கெட்டு டிரைவைக் கெடுத்திருக்கிறது, முதலில் சிபியு பெட்டியைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். நான் 420 ரூபாய்க்குப் புது டிரைவ் வாங்கிவந்து செருகினேன். அதுவும் பாதியில் போனது. கடைசியில் டிரைவும் நன்றாக இருந்தது, போர்ட்டும் நன்றாக இருந்தது. மேசைக்கு அடியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்த ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. வரிசையாகப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. அந்த வரிசைதான் கீழே இருப்பது.

கையில் இருக்க வேண்டியவை: சந்தேகப்படும் டிரைவ், நன்றாக வேலை செய்யும் இன்னொரு பென் டிரைவ், 3 ஜிபிக்குக் குறையாத ஒரு வீடியோ ஃபைல், ஒரு தாள், பேனா. முடிந்தால் இன்னொரு கம்ப்யூட்டர். செலவு எதுவும் இல்லை.

1. முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

உள்ளே உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருந்தால், இப்போதைக்கு இரண்டு பொத்தான்களை அழுத்தாதீர்கள். ஒன்று `Format disk`. இன்னொன்று `Scan and fix`. முதலாவது ஏன் கூடாது என்பது தெரிந்ததுதான். இரண்டாவதுதான் பொறி. டிரைவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள பாதை சரியில்லாதபோது அதைப் போட்டால், ‘சரிசெய்கிறேன்’ என்று விண்டோஸ் டிரைவில் எழுத ஆரம்பிக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தால், கொஞ்சம் கெட்டது முழுதாகக் கெடும். பழுது எங்கே என்று தெரிந்த பிறகு அதைப் போட்டுக்கொள்ளலாம்.

பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவதையும் நிறுத்துங்கள். நான் நாலு முறை செய்தேன். என் டிரைவில் ஃபைல்களின் பட்டியல் கெட்டுப்போனது அந்த நாலு முறையில்தான்.

2. இடையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

பென் டிரைவுக்கு ஏது கேபிள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் இருக்கும் எல்லாமே இந்தக் கணக்கில் கேபிள்தான்: எக்ஸ்டென்ஷன் கேபிள், நாலு போர்ட் உள்ள ஹப், போனில் செருகும் ஓடிஜி, டைப்-சி மாற்றி.

கண்ணுக்குத் தெரியாத கேபிள் ஒன்றும் உண்டு. சிபியு பெட்டியின் முன்பக்கம் இருக்கும் போர்ட்டுகள் மதர்போர்டில் நேராக இல்லை. பெட்டிக்குள்ளே ஒரு ஒயர் ஓடி, மதர்போர்டில் உள்ள பின்களில் செருகியிருக்கும். பெட்டியைத் திறந்து தூசி தட்டியவர் அதை அரைகுறையாகச் செருகியிருக்கலாம். பின்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டவை. ஆகவே டெஸ்க்டாப்பில் பின்பக்கப் போர்ட்டைத்தான் நேர்ப்பாதையாக எடுத்துக்கொள்ள வேண்டும். லேப்டாப்பில் சில மாடல்களில் ஒரு பக்கத்துப் போர்ட்டுகள் தனிச் சின்னப் போர்டில் இருக்கும், அதனால் இரண்டு பக்கமும் செருகிப் பார்ப்பது நல்லது.

என் பாதையைத் தாளில் இப்படி எழுதினேன்: மதர்போர்டு, உள்ஒயர், முன்பக்கப் போர்ட், எக்ஸ்டென்ஷன், டிரைவ். நான் ‘போர்ட்’ என்று நினைத்துக்கொண்டிருந்ததில் மூன்று தனித்தனிப் பாகங்கள் இருந்தன.

3. டிரைவ் எதுவரை வந்து நிற்கிறது என்று பாருங்கள்

‘வேலை செய்யவில்லை’ என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. எதுவரை வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. விண்டோஸ் பட்டனில் ரைட் கிளிக் செய்து `Device Manager`, `Disk Management` இரண்டையும் திறந்துவைத்துக்கொண்டு டிரைவைச் செருகுங்கள்.

எந்தச் சத்தமும் இல்லை, `Device Manager` பட்டியல் ஒரு முறைகூடத் துடிக்கவில்லை என்றால் மின்சாரமே போய்ச் சேரவில்லை, கேபிளில் தகவல் போகும் ஒயர் இல்லை, அல்லது டிரைவ் முழுதாகச் செத்துவிட்டது. மூன்று பேர் மீதும் சந்தேகம் அப்படியே நிற்கிறது. விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பல டிரைவ்களில் விளக்கே கிடையாது.

`USB device not recognized` என்றோ, பட்டியலில் `Unknown USB Device (Device Descriptor Request Failed)` என்றோ வந்தால், மின்சாரம் போகிறது, பேச்சு நடக்கவில்லை என்று பொருள். சாதாரண யூஎஸ்பி கேபிளில் நாலு ஒயர்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. தகவல் ஒயரில் ஒன்று அறுந்திருந்தாலோ, போர்ட்டின் தகடு ஒன்றில் அழுக்கு ஏறியிருந்தாலோ, டிரைவின் தலைப்பகுதியில் சால்டர் விட்டிருந்தாலோ இதே செய்திதான் வரும். சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த கேபிள்களில் தகவல் ஒயரே இருக்காது. அதில் செருகினால் டிரைவ் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது.

`Disk Management`-இல் `No Media` என்று வந்தால், அல்லது டிரைவைத் திறக்கும்போது `Please insert a disk into Removable Disk (E:)` என்று கேட்டால், விஷயம் கிட்டத்தட்ட முடிந்தது. பென் டிரைவுக்குள் இரண்டு முக்கியப் பாகங்கள் உண்டு. கம்ப்யூட்டரோடு பேசும் கண்ட்ரோலர் சில்லு ஒன்று, ஃபைல்கள் இருக்கும் மெமரி சில்லு இன்னொன்று. கண்ட்ரோலர் பேசிவிட்டது, அதனால்தான் டிரைவ் எழுத்தே வந்தது. பின்னால் இருக்கும் மெமரியை அதனால் தொட முடியவில்லை. பின்பக்கப் போர்ட்டில் நேராக ஒரு முறை செருகிப் பாருங்கள். அங்கேயும் இதே பதில் என்றால் டிரைவ்தான். போர்ட்டுக்கும் கேபிளுக்கும் ஒரு பைசா செலவழிக்காதீர்கள்.

சரியான அளவு காட்டுகிறது, ஆனால் `You need to format the disk in drive E: before you can use it` என்கிறது, `Disk Management`-இல் `RAW` என்று இருக்கிறது என்றால், இதுதான் எல்லோரும் ஏமாறும் இடம். இதை 6-ஆம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

கடைசி வகை, என்னுடையது: எல்லாம் திறக்கிறது, காப்பி செய்யும்போது பாதியில் போகிறது. இதற்கு 5-ஆம் படி.

4. சாட்சி டிரைவை வைத்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

நன்றாக இருக்கும் இன்னொரு பென் டிரைவ்தான் உங்கள் சாட்சி. மவுஸை வைத்துப் போர்ட்டைச் சோதிக்காதீர்கள். முதல் கடையில் அதைத்தான் செய்தார்கள்: மவுஸைச் செருகினார்கள், அம்பு நகர்ந்தது, போர்ட் நல்ல போர்ட் என்று சொல்லிவிட்டார்கள். சாதாரண மவுஸ் பேசுவது நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில். பென் டிரைவ் யூஎஸ்பி 2.0 என்றாலே 480 மெகாபிட். மாட்டுவண்டி போகும் பாதையில் பஸ் போகும் என்று சொல்ல முடியாது. தேய்ந்த தகடும் இளைத்த ஒயரும் மவுஸுக்குப் போதும், பென் டிரைவுக்குப் போதாது.

சாட்சியும் உங்கள் டிரைவின் இனமாக இருப்பது நல்லது. நீல நாக்கு உள்ள யூஎஸ்பி 3.0 டிரைவில் பழைய நாலு தகடுகளோடு கூடுதலாக ஐந்து தொடுமுனைகள் உண்டு. அந்த ஐந்தில் பழுது இருந்தால் யூஎஸ்பி 2.0 சாட்சிக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். போர்ட்டையும் கேபிளையும் சேர்த்து மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் எதை மாற்றியதால் சரியானது என்று தெரியாது. நான் செய்த வரிசை இது:

- சந்தேக டிரைவ், பின்பக்கப் போர்ட்டில் நேராக.
- சாட்சி டிரைவ், அதே பின்பக்கப் போர்ட்டில் நேராக.
- சாட்சி டிரைவ், முன்பக்கப் போர்ட்டில் நேராக, கேபிள் இல்லாமல்.
- சாட்சி டிரைவ், அதே முன்பக்கப் போர்ட்டில், எக்ஸ்டென்ஷன் வழியாக.

முதல் சோதனையில் சந்தேக டிரைவ் ஒழுங்காக வந்துவிட்டால் உடனே உள்ளிருப்பதை காப்பி எடுத்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். வராமல், இரண்டாவதில் சாட்சி மட்டும் வந்தால் சந்தேகம் டிரைவ் மீது. மூன்றாவதில் சாட்சியும் தடுமாறினால் முன்பக்கப் போர்ட், அல்லது அதன் உள்ஒயர். நாலாவதில் மட்டும் தடுமாறினால் கேபிள்.

போனில் ஓடிஜி போட்டுப் பார்ப்பதையும் ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாதிதான் நம்ப வேண்டும். போனில் டிரைவ் திறந்தால் டிரைவ் முழுதாகச் செத்துவிடவில்லை, அதில் சந்தேகமில்லை. திறக்காவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. சில போன்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் போய் ஆன் செய்ய வேண்டும், பல போன்கள் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவைப் படிக்காது. அதை வைத்து டிரைவைக் குப்பையில் போட்டவர் எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

5. சின்ன ஃபைலை நம்பாதீர்கள், பெரிய ஃபைலை ஓட்டிப் பாருங்கள்

என் ஒன்பது நாளில் ஐந்து நாள் போனது இங்கேதான். எக்ஸ்டென்ஷன் கேபிளில் சாட்சியைச் செருகி பத்துப் படங்களை காப்பி செய்தேன். ஒழுங்காக ஏறியது. கேபிள் நல்லது என்று தாளில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பத்துப் படம் என்பது சில நொடி வேலை. அந்த நொடிகளில் இணைப்பு அறாமல் இருந்தால் நல்லதாகத்தான் தெரியும். 3.6 ஜிபி வீடியோ ஒன்றை அதே கேபிளில் ஓட்டியபோது 40 சதவீதம் தாண்டியதும் ‘டடங்’. இன்னொரு முறை ஓட்டினேன், 80 சதவீதம் வரை போய் விழுந்தது. கேபிளை எடுத்துவிட்டு அதே முன்பக்கப் போர்ட்டில் நேராக ஓட்டினேன். ஆறு நிமிடத்தில் முழுதாக ஏறியது. அப்போதுதான் அடிக்கோட்டை அடித்தேன்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, விழும்போது சத்தம் வந்ததா? டிரைவ் பிடுங்கப்பட்ட சத்தம் வந்து, டிரைவ் எழுத்தும் மறைந்து, திரும்பி வந்தால் இணைப்பு அறுந்திருக்கிறது. கேபிள், போர்ட், டிரைவின் தலைப்பகுதி ஆகிய மூன்றில் ஒன்று. சத்தமே இல்லாமல் காப்பி மட்டும் அசையாமல் நின்று, கடைசியில் பிழை காட்டினால் மெமரி சில்லைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எங்கே விழுகிறது? டிரைவிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே ஃபைலில் அதே இடத்தில் நின்றால் மெமரியில் அந்த இடம் கெட்டிருக்கிறது. எந்தப் போர்ட்டில் செருகினாலும் அங்கேதான் நிற்கும். ஒரு முறை 40, ஒரு முறை 80 என்று இடம் மாறிக்கொண்டே இருந்தால் பாதையில்தான் கோளாறு.

கேபிள் மீது சந்தேகம் உறுதியாக வேண்டுமானால், சாட்சி டிரைவில் வேண்டாத ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளை இரண்டு முனைகளுக்கு அருகிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எனக்கு டிரைவைச் செருகும் முனை பக்கம், பிளாஸ்டிக் முடியும் இடத்தில் விரல் பட்டதுமே சத்தம் வந்தது. நாற்காலிச் சக்கரம் அந்த இடத்தில்தான் தினமும் ஏறியிருக்கிறது. இந்த வளைக்கும் சோதனையை வேண்டிய ஃபைல்கள் உள்ள டிரைவில் செய்யாதீர்கள். டிரைவையே போர்ட்டில் வைத்து ஆட்டிப் பார்ப்பதும் வேண்டாம். தலைப்பகுதி சால்டர் அரைகுறையாக இருந்தால் அது முழுதாக விட்டுவிடும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் வேலை சுலபம். டெர்மினலில்

```
sudo dmesg -w
```

என்று போட்டுவிட்டு டிரைவைச் செருகி காப்பி செய்தால், நடப்பது எல்லாம் வரிவரியாக வரும். என் நண்பர் லேப்டாப்பில் அந்தக் கேபிளைச் செருகியபோது வந்தது இது:

```
usb 1-4: device descriptor read/64, error -71
usb usb1-port4: Cannot enable. Maybe the USB cable is bad?
```

கேபிள் கெட்டிருக்குமோ என்று லினக்ஸே கேட்கிறது. அவசரப்பட்டு அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கேபிளே இல்லாமல் நேராகச் செருகிய டிரைவின் தலை கெட்டிருந்தாலும் இதே வரி வரும். -71 என்பது பேச்சு குழம்பியது என்பதற்கான எண். மாறாக `critical medium error` என்று டிரைவின் பெயரோடு வந்தால் பேச்சு நன்றாக நடக்கிறது, தன்னால் படிக்க முடியவில்லை என்று டிரைவே ஒப்புக்கொள்கிறது.

6. ஃபார்மேட் கேட்டால் டிரைவ் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை

நான் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகியபோதும் பழைய டிரைவ் ஃபார்மேட் கேட்டது. நல்ல போர்ட், கேபிள் இல்லை, சாட்சி ஒழுங்காக ஓடுகிறது. 4-ஆம் படியின்படி பார்த்தால் குற்றவாளி டிரைவ்தான். கடைக்காரரும் அதைத்தான் சொன்னார், அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் ஃபார்மேட் கேட்பது சில்லு கெட்டதால் மட்டும் வருவதில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் டிரைவின் ஆரம்பத்தில் இருக்கும். ஃபைல் ஏறும்போதெல்லாம் அந்தப் பட்டியலும் திருத்தி எழுதப்படும். எழுதும் நேரத்தில் கேபிள் அறுந்தால் பட்டியல் பாதி எழுதி பாதி எழுதாமல் நிற்கும். அதற்குப் பிறகு எந்த நல்ல போர்ட்டில் செருகினாலும் ஃபார்மேட்தான் கேட்கும். குற்றம் செய்தது கேபிள், தழும்பு இருப்பது டிரைவில். ஆகவே ஃபார்மேட் கேட்கும் டிரைவை, ஃபைல்களை எடுத்த பிறகு, மறுபடி ஒரு முறை விசாரிக்க வேண்டும்.

ஃபைல்களை எடுக்க நான் பயன்படுத்தியது போட்டோரெக் என்ற இலவச மென்பொருள். டிரைவில் எதையும் எழுதாமல் படித்து, கிடைப்பதை வேறு டிஸ்கில் போடும். சேமிக்கும் இடமாக அந்தப் பென் டிரைவையே கொடுத்துவிடாதீர்கள். பெயர்கள் போய்விடும், எல்லா ஃபைலுக்கும் எண்ணாகத்தான் பெயர் வரும். வீடியோவைத் திறந்து பார்த்து மொட்டை எது, காதுகுத்து எது என்று நானே பெயர் வைத்தேன். `chkdsk` போட்டுப் பாருங்கள் என்று பலரும் சொல்வார்கள். `RAW` என்று காட்டும் டிரைவில் அது ஓடாது, `CHKDSK is not available for RAW drives` என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

இனி டிரைவில் போனால் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்ற நிலை வந்ததும் ஃபார்மேட் செய்யலாம். நல்ல போர்ட்டில் நேராகச் செருகி, `Quick Format` என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். டிக் இருந்தால் பட்டியலை மட்டும் புதிதாக எழுதும், சில நொடியில் முடியும், எதையும் நிரூபிக்காது. டிக் எடுத்தால் டிரைவ் முழுவதையும் தொட்டுப் பார்க்கும். என் 32 ஜிபி டிரைவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஃபைல் சிஸ்டம் கேட்கும் இடத்தில் நான் எக்ஸ்ஃபேட் கொடுத்தேன். ஃபேட்32 கொடுத்தால் 4 ஜிபியைத் தொடும் ஒரே ஃபைலை அது ஏற்காது. `The file is too large for the destination file system` என்று வரும் பிழைக்கும் நம் மூன்று பேருக்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு அந்த 3.6 ஜிபி வீடியோவை ஏற்றி, டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகி, இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். பிடுங்காமல் பார்த்தால் கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருப்பதையே காட்டிவிடக்கூடும். கமாண்ட் பிராம்ப்ட்டில் இப்படிப் போட வேண்டும், D: கம்ப்யூட்டரில் உள்ள வீடியோ, E: பென் டிரைவில் ஏற்றியது:

```
certutil -hashfile D:\video.mp4 SHA256
certutil -hashfile E:\video.mp4 SHA256
```

இரண்டுக்கும் வரும் நீண்ட எழுத்துவரிசை அப்படியே ஒன்றாக இருந்தால் ஒரு எழுத்துகூட மாறாமல் ஏறியிருக்கிறது. எனக்கு வந்தது. டிரைவ் குற்றமற்றது என்று தாளில் எழுதினேன். முழு ஃபார்மேட் பாதியில் நின்றாலோ, எழுத்துவரிசை மாறினாலோ, டிரைவ் எழுதவே மறுத்து `The disk is write-protected` என்றாலோ அது போய்விட்டது. மெமரி தேய்ந்ததும் எழுதுவதை நிறுத்திப் படிக்க மட்டும் விடும் டிரைவ்கள் உண்டு, பக்கவாட்டில் பூட்டுப் பொத்தான் இல்லாத டிரைவ் இப்படிச் சொன்னால் உள்ளதை எடுத்துக்கொண்டு விடைகொடுங்கள்.

7. போர்ட் என்று முடிவானால்

உடனே கழற்ற வேண்டாம். கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். லேப்டாப் என்றால் `Restart` கொடுங்கள். விண்டோஸில் `Shut down` கொடுத்து ஆன் செய்வது பல சமயம் முழுதாக நிறுத்தியது ஆகாது, பழைய நிலையிலிருந்தே தொடரும். `Power surge on the USB port` என்ற செய்தி வந்திருந்தால் போர்ட் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கப்பட்டு அடைத்துக்கொண்டிருக்கிறது. எந்த டிரைவைச் செருகியபோது வந்ததோ அதை மறுபடி எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகாதீர்கள்.

அடுத்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எங்கள் கடையோரக் கம்ப்யூட்டர்களில் பஞ்சும் விபூதியும் சேர்ந்து களிம்பாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் பிடுங்கிய நிலையில் மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊசி, குண்டூசி வேண்டாம், தகடு வளைந்தால் அப்புறம் போர்ட்டே மாற்ற வேண்டும். முன்பக்கப் போர்ட் மட்டும் மக்கர் செய்தால், கடைக்குப் போய் ‘உள்ஒயர் மதர்போர்டில் சரியாகச் செருகியிருக்கிறதா பாருங்கள்’ என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். அதை அழுத்திச் செருகினாலே சரியாவது உண்டு. மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், பின்பக்கப் போர்ட்டில் சாட்சி ஓடுவதைக் காட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

8. டிரைவ் என்று முடிவானால்

பில்லைத் தேடுங்கள். வாரண்டி பல வருடம் இருக்கும் டிரைவ்கள் உண்டு, பில் இல்லாததால் யாரும் கேட்பதில்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தால் பழைய ஆர்டரில் பில்லை இறக்கிக்கொள்ளலாம். சர்வீஸ் சென்டருக்குப் போகுமுன் டிரைவின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணையும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மூடியைப் பிளந்து பார்த்த டிரைவை ஏற்க மாட்டார்கள்.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: வாரண்டி டிரைவுக்குத்தான், உள்ளிருக்கும் ஃபைலுக்கு இல்லை. மாற்றிக் கொடுத்தால் பழையது திரும்பி வராது. உள்ளே முக்கியமான ஃபைல் இருந்து, டிரைவ் `No Media` என்றோ ஒன்றுமே காட்டாமலோ இருந்தால், வாரண்டியா ஃபைலா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஃபைல் வேண்டுமென்றால் மீட்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பார்த்துச் சொல்லவே கட்டணமா? ஃபைல் கிடைக்காவிட்டாலும் பணம் கொடுக்க வேண்டுமா? இரண்டுக்கும் பதிலை வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

9. கேபிள் என்று முடிவானால்

சரிசெய்ய வேண்டாம், மாற்றிவிடுங்கள். டேப் சுற்றிப் பயனில்லை. வாங்கும்போது எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக வாங்குங்கள், நீளம் கூடக்கூட மின்னழுத்தம் குறையும், தகவலும் மங்கும். யூஎஸ்பி 3.0 டிரைவ் வைத்திருப்பவர்கள் கேபிளும் 3.0 தானா என்று பாருங்கள். 2.0 கேபிளில் போட்டால் ஓடும், ஆனால் மெதுவாக ஓடும், அப்புறம் டிரைவ் மெதுவாகிவிட்டது என்று இந்தக் கட்டுரையின் முதல் படிக்கு மறுபடி வர வேண்டியிருக்கும்.

நான் அரை மீட்டர் கேபிள் 150 ரூபாய்க்கு வாங்கினேன். பழையதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ‘நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் போட்டே?’ என்று அப்பா அதை எடுத்து வந்து பிரிண்டருக்குப் போட்டிருந்தார். பிறகு கத்தரிக்கோலால் நடுவில் வெட்டிப் போட்டேன்.